வாரண்டி நினைவூட்டலைச் செயலியிலிருந்து காலண்டருக்கு மாற்றிய பதிவு

வாஷிங் மெஷினின் வாரண்டி முடிவதற்கு ஒரு மாதம் முன்னதாக வந்திருக்க வேண்டிய நினைவூட்டல் வரவே இல்லை. செயலியைத் திறந்து பார்த்தால் பில்லின் படம் இருந்தது, முடிவுத் தேதி சரியாகவே பதிவாகியிருந்தது, நினைவூட்டல் இயக்கத்தில் இருப்பதாகத் திரையும் காட்டியது. அறிவிப்பு மட்டும் வந்து சேரவில்லை. பில்களைப் படமெடுத்துச் சேமிக்கவும், காலம் முடியுமுன் எச்சரிக்கவும் என்றே வைத்திருந்த செயலி, இரண்டாவது வேலையில் ஏன் தவறியது என்று தேடத் தொடங்கியதில், வீட்டுச் சாதனங்களின் பதிவு முழுவதையும் திரும்ப அமைக்க வேண்டியதாயிற்று. இப்போது அது நம்பும்படி இயங்குகிறது. செய்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதல் கட்டம் பில்களைத் திரட்டுவது. மின்னஞ்சலில் பி.டி.எஃப் ஆக வந்தவற்றில் சிக்கல் இல்லை, அவற்றைத் தரவிறக்கி ஒரே கோப்புறைக்குள் போட்டால் முடிந்தது. காகித பில்கள்தான் நேரம் எடுத்தன, அவற்றிலும் தெர்மல் தாளில் அச்சிட்டவை. அந்தத் தாளில் மை கிடையாது. தாளின் மேற்பூச்சில் இருக்கும் சாயம் வெப்பம் பட்டுக் கறுப்பதால்தான் எழுத்து தோன்றுகிறது. ஆகவே வெயிலும் எண்ணெய் பட்ட விரலும் அதை மங்கச் செய்யும். பாதுகாப்பதாக நினைத்து நாம் செருகி வைக்கும் பி.வி.சி உறையும் மங்கச் செய்யும். பிளாஸ்டிக்கை மென்மையாக வைத்திருக்கும் வேதிப்பொருள் தாளுக்குள் ஊறி எழுத்தைக் கரைத்துவிடுகிறது. என்னிடமிருந்த மைக்ரோவேவ் பில்லில், உறைக்குள் இருந்த பாதி வெளுத்துப்போய், உறைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஓரம் மட்டும் தெளிவாக இருந்தது. செல்லோ டேப் ஒட்டிய இடத்திலும் இதே கதைதான். சூடான லேமினேஷன் இன்னும் மோசம், தாள் முழுவதும் கறுத்துவிடும்.

வெளுத்த பில்லிலிருந்து எழுத்தை ஓரளவு மீட்க முடிந்தது. ஸ்கேனரில் வண்ணப் படமாக, 300 டி.பி.ஐ அளவில் எடுத்து, படத்தைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று தனித்தனி அடுக்குகளாகப் பிரித்துப் பார்த்தேன். எந்த அடுக்கில் எழுத்துக்கும் தாளுக்கும் வேறுபாடு அதிகமோ அதை மட்டும் வைத்துக்கொண்டு கான்ட்ராஸ்டை உயர்த்தியதும் தேதியும் பில் எண்ணும் தெரிந்தன. அந்த இரண்டும் கிடைத்தால் போதும், விற்றவரிடம் கேட்டு நகல் வாங்கிவிடலாம். முடி உலர்த்தியால் சூடேற்றினால் தாள் கறுத்து எழுத்து வெளுப்பாகத் தெரியும் என்ற உத்தியும் உண்டு. அது திரும்பப் பெற முடியாத சோதனை என்பதால், ஸ்கேன் எடுத்து முடித்த பிறகு, வேறு வழியே இல்லாத பில்லுக்கு மட்டும் அதை விட்டுவைக்கலாம். எனக்குத் தேவைப்படவில்லை.

படமெடுப்பதில் ஒரே ஒரு மாற்றம் செய்தேன். முன்பு பில்லை மட்டும் எடுத்து வைத்திருந்தேன். இப்போது ஒவ்வொரு சாதனத்துக்கும் மூன்று படங்கள்: பில், வாரண்டி அட்டையில் நிபந்தனைகள் அச்சிடப்பட்ட பக்கம், சாதனத்தின் மேலேயே ஒட்டியிருக்கும் விவரத் தகடு. அந்தத் தகட்டில்தான் மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் இருக்கின்றன, புகார் பதிவுசெய்யும்போது முதலில் கேட்பதும் அவற்றைத்தான். ஃப்ரிட்ஜில் அது பெரும்பாலும் உட்சுவரில் இருக்கும். முன்பக்கக் கதவுள்ள வாஷிங் மெஷினில் கதவைத் திறந்தால் விளிம்பில் தெரியும். ஏசியில் உள்ளே இருக்கும் யூனிட்டுக்கு ஒரு சீரியல் எண்ணும் வெளியே இருக்கும் யூனிட்டுக்கு வேறொரு சீரியல் எண்ணும் உண்டு. வெளி யூனிட்டின் எண்ணைக் குறித்து வைக்காதவர், கம்ப்ரஸர் வாரண்டியைக் கேட்கும் நாளில் ஏணி தேட வேண்டியிருக்கும்.

சீரியல் எண்ணைப் படத்திலிருந்து செயலியே படித்து நிரப்பும் வசதி இருந்தது. அதை ஏற்கவில்லை. சுழியத்தையும் ஆங்கில O எழுத்தையும், 8-ஐயும் B-யையும், 5-ஐயும் S-ஐயும் அது மாற்றிப் படித்தது. எண்ணின் கீழே பார்கோடு இருந்தால் அதை ஸ்கேன் செய்வது நல்லது, பார்கோடு படித்தால் சரியாகப் படிக்கும், இல்லையென்றால் படிக்காது, அரைகுறையாக ஒரு எழுத்தை மட்டும் மாற்றித் தராது. தேதியை அடையாளம் காணும் வசதியிலும் இப்படியொரு பொறி இருக்கிறது. 25/03 என்று இருந்தால் எந்தச் செயலியும் குழம்பாது. 04/03 என்று இருந்தால் அது மார்ச் 4 ஆகவும் இருக்கலாம், ஏப்ரல் 3 ஆகவும் இருக்கலாம். செயலியின் மொழி அமைப்பு எதுவோ அதற்கேற்பப் படித்துவிடுகிறது. மாதத்தின் முதல் 12 நாட்களுக்குள் வாங்கிய பொருட்களின் தேதிகளை மட்டுமாவது கையால் சரிபார்க்க வேண்டும். மற்றவற்றில் இந்தக் குழப்பம் வரவே முடியாது. கோப்புகளின் பெயரை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினேன். அப்படி எழுதினால் குழப்பமும் இல்லை, கோப்புறையில் தானாகவே வாங்கிய வரிசைப்படி அடுக்கி நிற்கும்.

```
2025-03-04_fridge_bill.pdf
2025-03-04_fridge_card.jpg
2025-03-04_fridge_plate.jpg
```

அடுத்த கட்டம் தேதிகள். இங்கேதான் செயலியின் வடிவமைப்பே போதாது என்று தெரிந்தது. பெரும்பாலான செயலிகளைப் போல இதிலும் ஒரு சாதனத்துக்கு வாங்கிய தேதி ஒன்று, முடிவுத் தேதி ஒன்று என்று இரண்டே கட்டங்கள் இருந்தன. ஆனால் ஒரு சாதனத்துக்கு ஒரு வாரண்டி மட்டும் இருப்பது அரிது. ஃப்ரிட்ஜையே எடுத்துக்கொள்கிறேன். பில் தேதி 2025 மார்ச் 4. அட்டையின் முகப்பில் பெரிய எழுத்தில் 10 ஆண்டு என்று இருந்தது. உள்ளே படித்தால் அது கம்ப்ரஸருக்கு மட்டும். முழு ஃப்ரிட்ஜுக்கும் 1 ஆண்டுதான். அந்த 10 ஆண்டிலும் கம்ப்ரஸர் என்ற பாகத்தை மட்டும் தருவார்கள், கூலியும் வாயு நிரப்பும் செலவும் வந்து போகும் கட்டணமும் நம்முடையவை. தனியாக வாங்கிய 2 ஆண்டு நீட்டிப்பு வாரண்டி வேறு இருந்தது. அது பில் தேதியிலிருந்து தொடங்கவில்லை, முதல் ஆண்டு முடிந்த மறுநாள் தொடங்கியது. இதையெல்லாம் ஒரே கட்டத்தில் அடைத்து, பெரிய எழுத்தில் இருந்த 10 ஆண்டைப் போட்டுவிட்டால், நினைவூட்டல் 2035-இல் வரும். இடையில் கதவு ரப்பரும் தெர்மோஸ்டாட்டும் போர்டும் வாரண்டியை விட்டு வெளியே போயிருக்கும்.

ஆகவே சாதனத்துக்கு ஒரு வரி என்ற முறையை விட்டுவிட்டு, வாரண்டி அடுக்குக்கு ஒரு வரி என்று ஒரு விரிதாளில் எழுதினேன். ஃப்ரிட்ஜுக்கு நான்கு வரிகள் வந்தன. முழுச் சாதனம், நீட்டிப்பு, கம்ப்ரஸர் ஆகிய மூன்றும் எதிர்பார்த்தவை. நான்காவது, பதிவுக் கெடு. வாங்கிய 30 நாட்களுக்குள் தயாரிப்பாளரிடம் சாதனத்தைப் பதிவு செய்தால்தான் கம்ப்ரஸர் வாரண்டி செல்லும் என்று அட்டையின் அடிக்குறிப்பில் இருந்தது. எல்லா நிறுவனங்களும் இப்படிக் கேட்பதில்லை, ஆனால் கேட்கும் இடத்தில் இதுதான் எல்லாவற்றுக்கும் முந்தி முடிகிற காலம். எந்தச் செயலியும் இதற்கென்று ஒரு கட்டம் வைத்திருந்து நான் பார்க்கவில்லை.

முடிவுத் தேதியைக் கணக்கிடும் வாய்பாடு எளிது. B நெடுவரிசையில் அந்த அடுக்கு தொடங்கும் தேதி, C-யில் மாதங்களின் எண்ணிக்கை என்று வைத்துக்கொண்டால், D-யில் முடிவுத் தேதியும் E-யில் நினைவூட்டும் தேதியும் இவ்வாறு வரும்:

```
D2:  =EDATE(B2,C2)-1
E2:  =D2-45
```

அந்த -1 முக்கியம். மார்ச் 4-இல் தொடங்கிய 12 மாதங்கள் அடுத்த ஆண்டு மார்ச் 3-ஆம் தேதியோடு நிறைவடைகின்றன, மார்ச் 4 வாரண்டிக்கு வெளியே. செயலி அதை மார்ச் 4 என்றே காட்டியது. ஒரு நாள்தானே என்று தோன்றலாம், கடைசி நாளில் புகார் பதிவு செய்பவருக்கு அந்த ஒரு நாள்தான் எல்லாம். மாதங்களை 365 நாள், 730 நாள் என்று நாட்களாக மாற்றிக் கூட்டுவதையும் தவிர்த்தேன், லீப் ஆண்டு குறுக்கிட்டால் கணக்கு நழுவும். EDATE காலண்டரின் மாதங்களையே எண்ணுகிறது. மாத இறுதித் தேதிகளிலும் அது ஒழுங்காக நடந்துகொள்கிறது: 2024 பிப்ரவரி 29-இல் 12 மாதத்தைக் கூட்டினால் 2025 பிப்ரவரி 28 வரும், அதில் ஒன்றைக் கழித்தால் 27. அங்கே ஒரு நாள் முந்திக்கொள்வதால் நமக்கு நட்டமில்லை.

தொடங்கும் தேதி எது என்பதை வாய்பாடு சொல்லாது, அட்டைதான் சொல்ல வேண்டும். சில அட்டைகள் பில் தேதியிலிருந்து என்கின்றன, சில பொருத்தப்பட்ட தேதியிலிருந்து என்கின்றன. ஏசி, வாட்டர் ஹீட்டர் போன்று ஆள் வந்து பொருத்த வேண்டிய சாதனங்களில் இந்த இரண்டுக்கும் இடையே வாரக்கணக்கில் இடைவெளி விழும். பொருத்தியவர் தந்த சீட்டையும் பில்லோடு சேர்த்துப் படமெடுத்து வைத்தேன். அட்டை தெளிவாகச் சொல்லாத இடத்தில் முந்தைய தேதியையே B-யில் போட்டேன்.

இனி, வராமல் போன அறிவிப்பு. ஆண்ட்ராய்டில் ஒரு செயலி வருங்கால நினைவூட்டலை அமைக்கும்போது, இன்ன நேரத்தில் என்னை எழுப்பு என்று இயங்குதளத்திடம் ஓர் அலாரத்தை ஒப்படைக்கிறது. அந்த அலாரம் போனை அணைத்து மறுபடி இயக்கினால் அழிந்துவிடும், போன் இயங்கத் தொடங்கியதும் செயலி தானாக எழுந்து அதைத் திரும்ப அமைக்க வேண்டும். அமைப்புகளில் போய் Force stop அழுத்தினாலும் அழிந்துவிடும், அப்போது நாமாகச் செயலியைத் திறக்கும்வரை அது எழாது. மூன்றாவது காரணம்தான் வாரண்டிச் செயலிகளைக் குறிவைத்ததுபோல் இருக்கிறது. ஆண்ட்ராய்டு 12 முதல், சில மாதங்கள் திறக்கப்படாத செயலியை இயங்குதளம் உறக்க நிலைக்கு அனுப்புகிறது. கொடுத்த அனுமதிகளைத் திரும்பப் பெறுகிறது, தற்காலிகக் கோப்புகளை அழிக்கிறது, பின்னணியில் எந்த வேலையையும் அலாரத்தையும் ஓட விடுவதில்லை. பிறகு செயலியைத் திறந்தாலும் பழைய அலாரங்களை இயங்குதளம் மீட்டுத் தருவதில்லை, செயலியே மறுபடி அமைத்தால்தான் உண்டு. பெரும்பாலான செயலிகளுக்கு இது நியாயமான ஏற்பாடு. ஆனால் வாரண்டிச் செயலியை யார் மாதாமாதம் திறந்து பார்க்கிறார்கள்? ஒரு சாதனம் வாங்கும்போது திறப்போம், அடுத்த சாதனம் வாங்கும்போது திறப்போம். ஆண்டுக்கு ஒருமுறை பேச வேண்டிய செயலியை, பேசவே இல்லையே என்று இயங்குதளம் தூங்கவைத்துவிடுகிறது.

என் போனில் நடந்தது இதுதான் என்பதை உறுதிசெய்ய முடிந்தது. அமைப்புகளில் செயலிகள் பகுதிக்குள், பயன்படுத்தாத செயலிகள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. வாரண்டிச் செயலி அதில் இருந்தது. அந்தச் செயலியின் பக்கத்தில், பயன்படுத்தாவிட்டால் செயல்பாட்டை நிறுத்து என்ற பொருளில் ஒரு பொத்தான் இருக்கும். பதிப்புக்குப் பதிப்பு சொற்கள் மாறுகின்றன, ஆண்ட்ராய்டு 13-இல் அதன் ஆங்கிலப் பெயர் Pause app activity if unused என்று இருந்தது. அதை அணைத்தேன். பேட்டரிச் சிக்கனப் பட்டியலிலிருந்தும் செயலியை விலக்கினேன். ஆண்ட்ராய்டு 13 முதல் அறிவிப்பு காட்டுவதற்கே தனி அனுமதி வேண்டும் என்பதால் அதையும் பார்த்துக் கொடுத்தேன்.

இவற்றுக்குப் பிறகு செயலி நம்பத்தக்கதா என்பதைச் சோதிக்க, இல்லாத ஒரு சாதனத்தைப் பதிந்து, நினைவூட்டல் மறுநாள் காலையில் விழும்படி முடிவுத் தேதியைக் கொடுத்தேன். வந்தது. ஆனால் இந்தச் சோதனையில் எல்லாச் செயலிகளும் தேறிவிடும், ஏனென்றால் அதற்குள் எதுவும் நடந்திருக்காது. அடுத்ததாக, அதேபோல் பதிந்துவிட்டு, போனை அணைத்து இயக்கி, செயலியைத் திறக்காமல் விட்டேன். அப்போதும் வந்தது, போன் இயங்கியதும் அலாரத்தைத் திரும்ப அமைக்கும் வேலையைச் செயலி ஒழுங்காகச் செய்கிறது என்று பொருள். மூன்றாவதாகப் பதிந்துவிட்டு Force stop அழுத்தினேன். வரவில்லை. இதைச் செயலியின் குறை என்று சொல்ல முடியாது, எந்தச் செயலியும் இதில் தேறாது. ஆனால் மாதக்கணக்கில் திறக்கப்படாத செயலியின் நிலை இதுவே என்பதால், நாள் பார்த்து எழுப்பும் வேலையை இனி அதனிடம் வைக்கக் கூடாது என்ற முடிவுக்கு வந்தேன். அந்தப் பொத்தானை அணைத்து வைத்திருக்கலாமே என்றால், போனை மாற்றும் நாளில் அந்த அமைப்பும் கூடவே வரும் என்பதற்கு உறுதி இல்லை. கம்ப்ரஸர் வாரண்டி முடிவதற்குள் எத்தனை போன்கள் மாறியிருக்கும்! ஐபோனில் இந்த உறக்கச் சிக்கல் இதே வடிவில் இல்லை, அங்கே வேறு எல்லை உண்டு. ஒரு செயலி காத்திருப்பில் வைக்கக்கூடிய உள்ளூர் அறிவிப்புகள் 64 மட்டுமே. அடுக்குக்கு மூன்று நினைவூட்டல்கள் வீதம் வைத்தால் 22 அடுக்குகளிலேயே அந்த எண்ணைத் தாண்டிவிடும், தொலைவில் இருப்பவை விடுபட்டுப்போகும்.

ஆகவே படங்களையும் விவரங்களையும் செயலியிலேயே விட்டுவிட்டு, நினைவூட்டல்களை மட்டும் காலண்டருக்கு மாற்றினேன். காலண்டர் தினமும் திறக்கப்படுவது, கணக்கோடு ஒத்திசைந்திருப்பது, போன் மாறினாலும் கூடவே வருவது. முதலில், முடிவுத் தேதியில் ஒரு நிகழ்வை வைத்து, அதற்கு 45 நாள் முன்னதாக அறிவிப்பு வைக்கப் பார்த்தேன். கூகுள் காலண்டரில் ஒரு நிகழ்வுக்கு 4 வாரங்களுக்கு மேல் முன்னதாக அறிவிப்பு வைக்க முடியாது. 28 நாளோடு நின்றுவிடும். நாள் முழுவதற்குமான நிகழ்வாக வைத்தால் இன்னொரு தொல்லை: அறிவிப்பு நேரத்தைச் சில காலண்டர்கள் அந்த நாளின் நள்ளிரவிலிருந்து எண்ணுவதால் அது தூக்கத்தில் வந்து போய்விடும். ஆகவே நினைவூட்டும் தேதியையே, காலை 10 மணிக்கு நடக்கும் தனி நிகழ்வாக வைத்தேன். அறிவிப்பை நிகழ்வு தொடங்கும் நேரத்துக்கே வைத்தால் போதும், முன்னதாக எண்ணும் வேலையே இல்லை.

ஃப்ரிட்ஜின் முதல் அடுக்கை, காலண்டர்கள் இறக்குமதி செய்துகொள்ளும் உரைக்கோப்பாக இவ்வாறு எழுதினேன். முடிவு 2026 மார்ச் 3, அதிலிருந்து 45 நாள் பின்னோக்கிச் சென்றால் ஜனவரி 17.

```
BEGIN:VCALENDAR
VERSION:2.0
PRODID:-//veedu//warranty//TA
BEGIN:VEVENT
UID:fridge-2025-1@veedu
DTSTAMP:20250310T040000Z
DTSTART:20260117T100000
DTEND:20260117T101500
SUMMARY:ஃப்ரிட்ஜ் வாரண்டி
BEGIN:VALARM
ACTION:DISPLAY
DESCRIPTION:ஃப்ரிட்ஜ் வாரண்டி
TRIGGER:PT0M
END:VALARM
END:VEVENT
END:VCALENDAR
```

இதை `.ics` என்ற பின்னொட்டோடு, யு.டி.எஃப்-8 குறியாக்கத்தில் சேமித்து இறக்குமதி செய்தால் நிகழ்வு காலண்டரில் அமர்ந்துவிடும். விரிதாளின் வரிகளை இந்த வடிவத்தில் ஒட்டவைத்து எல்லா அடுக்குகளையும் ஒரே கோப்பாக இறக்குமதி செய்தேன். UID ஒவ்வொரு நிகழ்வுக்கும் வேறாக இருக்க வேண்டும், இரண்டு நிகழ்வுகளுக்கு ஒரே UID இருந்தால் ஒன்று மற்றதன் மேல் எழுதப்படலாம். சில காலண்டர்கள் இறக்குமதியின்போது VALARM பகுதியைக் கண்டுகொள்ளாமல், தம் வழக்கமான அறிவிப்பு நேரத்தையே வைத்துக்கொள்கின்றன. நிகழ்வு நாளிலேயே இருப்பதால் அப்போதும் சில நிமிட வேறுபாட்டில் அறிவிப்பு வந்துவிடும். மூன்று நான்கு சாதனங்கள் மட்டுமே இருப்பவர் இந்தக் கோப்பு வேலைக்குப் போகாமல் கையால் நிகழ்வுகளைப் போட்டுவிடலாம், அதுவே விரைவு.

45 நாள் என்ற இடைவெளியை எப்படித் தேர்ந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். 7 நாள் முன்னதாக என்பது பல செயலிகளின் இயல்பமைப்பு. அது நீட்டிப்பு வாங்க நினைவூட்டுவதற்குப் போதும், சாதனத்தில் மறைந்திருக்கும் பழுதைக் கண்டுபிடிக்கப் போதாது. வாஷிங் மெஷினில் சுழலும்போது வரும் சத்தத்தை உறுதிசெய்ய, நிறைந்த துணியோடும் வெறும் டிரம்மோடும் வேறுவேறு நாளில் ஓட்டிப் பார்க்க வேண்டும். அதன்பின் புகார் பதிந்து, ஆள் வந்து, பாகம் தருவித்து, மாற்றிய பிறகு அதே பழுது திரும்புகிறதா என்று கவனிக்கவும் வாரண்டிக்குள் சில நாட்கள் மீதமிருக்க வேண்டும். ஏசியை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. குளிர்காலத்தில் முடியும் ஏசி வாரண்டிக்கு 45 நாள் முன்னதாக நினைவூட்டினால் அப்போது அதை ஓட்டிப் பார்க்கவே வாய்ப்பிருக்காது. வெயில் இருக்கும் கடைசி மாதத்துக்கு நினைவூட்டலை நகர்த்தினேன்.

நிகழ்வின் விளக்கப் பகுதியில் வாரண்டி முடிகிறது என்று எழுதினால் அறிவிப்பைத் தள்ளிவிட்டுப் போய்விடுவோம். செய்ய வேண்டியதை எழுதினேன். ஃப்ரிட்ஜுக்கு எழுதியது: ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பார்க்கவும், எளிதாக உருவி வந்தால் ரப்பர் பிடிக்கவில்லை, பின்புறம் தண்ணீர் தேங்குகிறதா பார்க்கவும், கம்ப்ரஸர் ஓய்வே இல்லாமல் ஓடுகிறதா என்று ஒரு மாலை கவனிக்கவும். அதன் கீழே சீரியல் எண், பில் கோப்பின் பெயர், யாரைக் கூப்பிட வேண்டும் என்ற விவரம். நீட்டிப்பு வாரண்டிக்கு இந்தக் கடைசி வரி மிகவும் தேவை. அதைத் தருவது தயாரிப்பாளராக இருக்கலாம், விற்றவராக இருக்கலாம், மூன்றாவது நிறுவனமாகவும் இருக்கலாம். தவறான எண்ணில் பதிந்த புகார் கணக்கில் வராது. புகார் பதிந்ததும் கிடைக்கும் எண்ணையும் தேதியையும் அதே விளக்கத்தில் சேர்த்துவிடுகிறேன், பழுது சரியாவதற்குள் காலம் முடிந்தாலும் புகார் காலத்துக்குள் வந்தது என்று காட்ட அதுதான் கையில் இருக்கும்.

புதிய ஏற்பாட்டில் முதலில் வந்த நினைவூட்டல் வாட்டர் ஹீட்டருடையது. குறித்த காலையில் 10 மணிக்கு வந்தது. பரிசோதித்ததில் பாதுகாப்பு வால்வு சொட்டிக்கொண்டிருந்தது. சூடாகும்போது மட்டும் சில துளிகள் சொட்டுவது அந்த வால்வின் இயல்பு. இதில் ஹீட்டர் அணைத்து ஆறிய பிறகும் நிற்கவில்லை. புகார் பதிந்து, வாரண்டிக்குள்ளேயே வால்வை மாற்றிக்கொடுத்தார்கள். ஹீட்டரையே மாற்றித் தந்திருந்தால் விரிதாளிலும் கை வைக்க வேண்டியிருந்திருக்கும்: சீரியல் எண் மாறும், மாற்றித் தந்ததற்கான சீட்டு பில்லோடு சேர வேண்டும். காலம் புதிதாகத் தொடங்கும் என்று எண்ணிக்கொள்ளவும் கூடாது, பழைய வாரண்டியின் மீதமுள்ள நாட்கள் மட்டுமே தொடரும் என்று எழுதிய அட்டைகள் உண்டு.

செயலியை இன்னும் நீக்கவில்லை. பில்லைத் தேடி எடுப்பதற்கு அது வசதியாகவே இருக்கிறது. ஆனால் அதிலிருந்து ஏற்றுமதி செய்து பார்த்ததில் வந்த சி.எஸ்.வி கோப்பில் பெயர்களும் தேதிகளும் மட்டும் இருந்தன, படங்கள் இல்லை. படங்களைப் பகிர் என்ற வசதியின் வழியாக ஒவ்வொன்றாக வெளியே எடுக்க வேண்டியிருந்தது, இந்த வேலை முழுவதிலும் மிகச் சலிப்பூட்டிய பகுதி அதுதான். இன்னொரு முறை தொடங்குவதாக இருந்தால், இரண்டே சாதனங்களைப் பதிந்தவுடன் ஏற்றுமதி செய்து, வந்த கோப்பை வேறொரு கருவியில் திறந்து, பில்லின் படம் உள்ளே இருக்கிறதா என்று பார்த்த பிறகே மீதியைப் பதிவேன். விவரத் தகட்டின் படத்தையும், சாதனத்தைச் சுவரோடு தள்ளி வைப்பதற்கு முன்பே எடுத்துவிடுவேன்.